இருபது மூட்டை அரிசியின் பில் போகும் வழி

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கும் ஓர் உணவகம். கடையில் ஒரு கணக்கு மென்பொருள், உணவகத்தில் வேறொன்று. கடைக்காரர் தன் மென்பொருளில் பில் போட்டு, அதை பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறார். உணவகத்தில் கணக்கு எழுதுபவர் அதைத் திறந்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பில் எண், தேதி, பொருள், விலை, வரி என்று ஒவ்வொன்றாகத் தன் மென்பொருளில் தட்டுகிறார். கடையின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அதே எண்களை, இன்னொரு மனிதர் இன்னொரு கணினியில் மறுபடி ஏற்றுகிறார்.

அந்த வேலையைச் சில வருஷம் செய்தவன் நான். ஒரு மாதக் கடைசியில் 1,269.63 வெள்ளி என்றிருந்த பில்லை 1,296.63 என்று ஏற்றிவிட்டேன். பணமும் அப்படியே போய்விட்டது. மறு மாதம் கடைக்காரரின் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப் பார்த்தபோது 27 வெள்ளி உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கெழுதுபவர்களின் பழைய வித்தை. 27 வகுபடும். அதனால் சீக்கிரம் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான்.

இந்த மறுதட்டச்சே இல்லாமல், விற்பவரின் மென்பொருளிலிருந்து வாங்குபவரின் மென்பொருளுக்கு பில் நேராகப் போய் உட்காரும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கு இன்வாய்ஸ்நவ் என்று பெயர். அதன் அடியில் ஓடுவது பெப்போல் என்ற பன்னாட்டு வலைப்பின்னல். நான் தப்பாக ஏற்றிய அதே பில்லையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, அது இந்த வழியில் எப்படிப் போகும், எங்கே இடறும் என்று பார்ப்போம்.

பில் இதுதான். பொன்னி அரிசி, 25 கிலோ மூட்டை, இருபது மூட்டை, மூட்டை 38.50 வெள்ளி: 770.00. துவரம் பருப்பு 5 கிலோ பை, பன்னிரண்டு, பை 14.20: 170.40. நல்லெண்ணெய் ஒரு லிட்டர் புட்டி, இருபத்து நான்கு, புட்டி 9.35: 224.40. மூன்றையும் கூட்டினால் 1,164.80. அதற்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி 104.83. மொத்தம் 1,269.63.

பிடிஎஃப் ஏன் போதாது?

மின்னஞ்சலில் வருவதும் மின்னணு பில்தானே என்று பலர் கேட்பார்கள். பிடிஎஃப் என்பது பில்லின் படம் மாதிரி. அதில் "1,269.63" எங்கே அச்சாகியிருக்கிறது என்று கணினிக்குத் தெரியும். அது மொத்தத் தொகையா, போன மாதப் பாக்கியா, தொலைபேசி எண்ணின் ஒரு துண்டா என்று தெரியாது. கண்ணால் பார்க்கும் நமக்கு அது தெரிவது, அந்த எண் இருக்கும் இடத்தையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லையும் வைத்துத்தான். படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்களும் அப்படித்தான் ஊகிக்கின்றன. பெரும்பாலும் சரியாக ஊகிக்கும். ஆனால் ஊகித்ததை ஒரு ஆள் சரிபார்க்க வேண்டியிருப்பதால், தட்டச்சு போய்ச் சரிபார்ப்பு வந்திருக்கிறது, அவ்வளவே.

மின் இன்வாய்ஸில் எண்ணோடு அதன் பெயரும் சேர்ந்தே போகிறது. நம் பில்லின் முதல் வரி கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (ஜிஎஸ்டி விவரத்தை மட்டும் இங்கே வெட்டியிருக்கிறேன்):

```xml
<cac:InvoiceLine>
  <cbc:ID>1</cbc:ID>
  <cbc:InvoicedQuantity unitCode="XBG">20</cbc:InvoicedQuantity>
  <cbc:LineExtensionAmount currencyID="SGD">770.00</cbc:LineExtensionAmount>
  <cac:Item>
    <cbc:Name>Ponni Rice 25kg</cbc:Name>
  </cac:Item>
  <cac:Price>
    <cbc:PriceAmount currencyID="SGD">38.50</cbc:PriceAmount>
  </cac:Price>
</cac:InvoiceLine>
```

பார்த்து மிரள வேண்டாம், இதை யாரும் கையால் எழுதுவதில்லை. கடைக்காரர் வழக்கம்போல பில் போட்டு "அனுப்பு" என்று அழுத்தினால் மென்பொருளே இதை உண்டாக்கிவிடும். ஆனால் ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது. 20 என்பது அளவு என்றும், 770.00 என்பது அந்த வரியின் தொகை என்றும், 38.50 என்பது ஒன்றின் விலை என்றும் சொல்லியே அனுப்புகிறது. `XBG` என்பது பை அல்லது மூட்டைக்கான குறியீடு. கிலோ என்றால் `KGM`, லிட்டர் என்றால் `LTR`. இந்தக் குறியீடுகள் ஐக்கிய நாடுகளின் பொதுப் பட்டியலிலிருந்து வருபவை, யாரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வதில்லை. கோப்பின் மேற்பகுதியில் பில் எண், தேதி, யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆர்டருக்கு என்ற விவரங்கள் இருக்கும். அடிப்பகுதியில் கூட்டுத்தொகைகள். ஆவணத்தின் வகைக்கும் ஓர் எண் உண்டு: சாதாரண பில் 380, பில் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட் 381.

இந்த மொழிக்கு யூபிஎல் என்று பெயர். வியாபார ஆவணங்களுக்காகவே உருவாக்கிய, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு தரம். பெப்போல் அதை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தெந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், எதில் எந்தக் குறியீடு மட்டும் வரலாம் என்று கறாராக வரையறுத்து வைத்திருக்கிறது. அந்தக் கறார்த்தனத்தால்தான் முன்பின் தெரியாத இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன.

யார் வழியாகப் போகிறது?

கோப்பு தயார். இனி அது உணவகத்தின் மென்பொருளைப் போய்ச் சேர வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. பெரிய பேரங்காடிகளும் கார் தொழிற்சாலைகளும் பல பத்தாண்டுகளாகத் தங்களுக்குச் சரக்கு தருபவர்களோடு கணினிக்குக் கணினி பில் பரிமாறி வருகின்றன. ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும். ஐம்பது விற்பவர்கள், ஐம்பது வாங்குபவர்கள் என்றால் 2,500 இணைப்புகள். ஒவ்வொன்றையும் அமைக்க ஆள், பணம், சோதனை எல்லாம் வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகும். மளிகைக் கடைக்காரரிடமோ, "எங்கள் இணையதளத்தில் நுழைந்து உங்கள் பில்லை நீங்களே ஏற்றுங்கள்" என்பார்கள். பத்து வாடிக்கையாளர் என்றால் பத்து கடவுச்சொல், பத்து விதத் திரை. தட்டச்சு வாங்குபவரின் தலையிலிருந்து விற்பவரின் தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

பெப்போல் இதைக் கைப்பேசி மாதிரி ஆக்கியது. நம்மிடம் ஒரு நிறுவனத்தின் சிம் இருக்கிறது, நண்பரிடம் இன்னொன்று. அவர் எந்த சிம் வைத்திருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை, எண்ணை அழுத்தினால் மணி அடிக்கிறது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு திட்டமாக, அரசாங்கங்கள் வாங்கும் பொருள்களுக்கான பில்களை நாடு தாண்டிப் பரிமாறவே இது தொடங்கியது. 2012-இல் இதை நடத்த ஓபன்பெப்போல் என்ற லாபநோக்கற்ற சங்கம் உருவானது. ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் இதில் சேர்ந்தது சிங்கப்பூர்தான். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2018-இல் பொறுப்பேற்று, 2019 ஜனவரியில் நாடு முழுமைக்கும் திறந்துவிட்டது.

இதில் நான்கு முனைகள் உண்டு. முதல் முனை கடைக்காரர். இரண்டாவது, அவர் சேர்ந்திருக்கும் அணுகுமுனையம். மூன்றாவது, உணவகம் சேர்ந்திருக்கும் அணுகுமுனையம். நான்காவது உணவகம். அணுகுமுனையம் என்பது அனுமதி பெற்ற ஒரு சேவை நிறுவனம், சிம் கம்பெனி மாதிரி. பல கணக்கு மென்பொருள்கள் ஏதோ ஓர் அணுகுமுனையத்தோடு ஏற்கெனவே இணைந்திருப்பதால், கடைக்காரருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாமல் போகலாம்.

கைப்பேசி எண் மாதிரி இங்கே ஓர் அடையாள எண் வேண்டும். சிங்கப்பூரில் அது `0195:SGUEN` என்று தொடங்கும், அதை ஒட்டி நிறுவனத்தின் பதிவு எண்ணான யூஇஎன் வரும். `0195` என்பது "இனி வருவது சிங்கப்பூர்ப் பதிவெண்" என்று சொல்லும் முன்குறி, நாட்டின் தொலைபேசிக் குறியீடு மாதிரி.

கடைக்காரர் "அனுப்பு" என்று அழுத்திய பிறகு நடப்பது இது. கோப்பு அவருடைய அணுகுமுனையத்துக்குப் போகிறது. அங்கே முதலில் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று சோதனை. அப்புறம் உணவகத்தின் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு, "இவருக்கு வரும் பில்களை வாங்குவது எந்த அணுகுமுனையம்?" என்று ஒரு தேடல். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அது எந்தக் கணினியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெயரேடு இருக்கிறதல்லவா, அதே பெயரேட்டு முறையைத்தான் இதற்கும் பயன்படுத்துகிறார்கள். அந்த ஏடு ஒரு பதிவேட்டைக் காட்டுகிறது. உணவகம் எந்தெந்த வகை ஆவணங்களை வாங்கிக்கொள்ளும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும். முகவரி கிடைத்ததும் இரண்டு அணுகுமுனையங்களும் நேராகப் பேசிக்கொள்கின்றன. கோப்பைப் பூட்டி, கையொப்பமிட்டு அனுப்புகிறார் ஒருவர். "கிடைத்தது" என்று கையொப்பமிட்ட ரசீது தருகிறார் மற்றவர். பிறகு உணவகத்தின் மென்பொருளில் பில் ஒரு வரைவாக வந்து நிற்கிறது.

நடுவில் எல்லோருடைய பில்களையும் குவித்து வைக்கும் பெரிய கிடங்கு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக இருப்பது முகவரி ஏடு மட்டும்தான்.

வந்து சேர்ந்த பிறகு

"வரைவாக" என்று சொன்னேன். பில் வந்த மாத்திரத்தில் பணம் போய்விடாது. உணவகத்தின் மென்பொருள் மூன்று தாள்களை ஒத்துப் பார்க்கிறது. உணவகம் கொடுத்த ஆர்டர், சரக்கு இறங்கியபோது எழுதிய வரவுக் குறிப்பு, இப்போது வந்திருக்கும் பில். மூன்றும் ஒத்துப்போனால் மேலாளர் ஒரு தட்டில் அனுமதி தரலாம். ஒத்துப்போகாவிட்டால் ஓரமாக எடுத்து வைத்து ஆளைக் கூப்பிடும்.

ஒத்துப் பார்க்க ஆர்டர் எண் வேண்டும். கடைக்காரர் பில்லில் அதைப் போடாமல் விட்டால், வந்த பில் எந்த ஆர்டருக்கு என்று மென்பொருளுக்குத் தெரியாது. கணக்கு எழுதுபவர் மறுபடி தேட உட்கார வேண்டியதுதான். என் அனுபவத்தில் "இதில் சேர்ந்தும் ஒரு பயனும் இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்களின் பில்களைப் புரட்டினால், முக்கால்வாசியில் இந்த ஒரு கட்டம் காலியாக இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. உணவகம் வாட்ஸ்அப்பில் "அண்ணே, அரிசி இருபது அனுப்புங்க" என்று ஆர்டர் கொடுத்தால், பில்லில் போடுவதற்கு அவர் ஆர்டர் எண்ணுக்கு எங்கே போவார்?

சரி, நம் பில்லுக்கு வருவோம். லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு அரிசி மூட்டை கிழிந்திருந்தது, உணவகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. வரவுக் குறிப்பில் 19, பில்லில் 20. மென்பொருள் நிறுத்துகிறது. பழைய முறையில் தொலைபேசியில் ஒரு வாக்குவாதம் நடக்கும். இங்கே, உணவகத்தின் மென்பொருளில் அந்த வசதி இருந்தால், வந்த பில்லுக்கு மறுமொழியாக ஒரு குறியீட்டை அனுப்பலாம். `UQ` என்றால் "சந்தேகம் இருக்கிறது, விளக்கம் வேண்டும்". `RE` என்றால் நிராகரிப்பு. `AP` என்றால் ஏற்றுக்கொண்டாயிற்று. `PD` என்றால் பணம் கொடுத்தாயிற்று. கடைக்காரரின் திரையில் அந்த பில்லுக்கு நேரே நிலை மாறும்.

அனுப்பிய பில்லை அழித்து மாற்ற முடியாது, அது உணவகத்தின் கணக்கில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடைக்காரர் ஒரு மூட்டைக்குக் கிரெடிட் நோட் போடுகிறார். 38.50-க்கு 9 விழுக்காடு 3.465, அதாவது 3.47. மொத்தம் 41.97. அதில் மூல பில்லின் எண்ணையும் குறிப்பிட்டு அதே வழியில் அனுப்புகிறார். உணவகம் கொடுக்க வேண்டியது 1,227.66 வெள்ளி.

எங்கே இடறும்

முதலில் ஒரு காசு வித்தியாசம். 1,164.80-க்கு 9 விழுக்காடு போட்டால் 104.832, இதை 104.83 என்று எழுதுகிறோம். ஆனால் சில மென்பொருள்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வரி போட்டுக் கூட்டும். அரிசிக்கு 69.30, பருப்புக்கு 15.336 என்பது 15.34, எண்ணெய்க்கு 20.196 என்பது 20.20. கூட்டினால் 104.84. இரண்டையும் தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கையால் ஏற்றுபவர் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார். மென்பொருள் கண்டுகொள்ளும். கடைக்காரரின் மென்பொருள் ஒரு கட்டத்தில் முதல் முறையிலும் இன்னொரு கட்டத்தில் இரண்டாவது முறையிலும் கணக்கிட்டு, வரி 104.83 என்றும் மொத்தம் 1,269.64 என்றும் எழுதிவிட்டால், கோப்பு அணுகுமுனையத்தையே தாண்டாது. வரி நீங்கிய தொகையையும் வரியையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும் என்பது விதி, அதில் ஒரு காசுக்கும் சலுகை இல்லை. பெப்போலின் கணக்குப்படி வரியை வரிவிகித வாரியாகத் தொகுத்த தொகையின் மேல்தான் போட வேண்டும். உங்கள் மென்பொருளின் அமைப்புகளில் "வரி கணக்கிடும் முறை" என்று ஒரு தேர்வு இருக்கும். முதல் பில் அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது, மூட்டையும் கிலோவும். இருபது மூட்டை, மூட்டைக்கு 25 கிலோ, ஆக 500 கிலோ. உணவகத்தின் ஆர்டரில் "500 கிலோ" என்றும் கடையின் பில்லில் "20 மூட்டை" என்றும் இருந்தால், தொகை ஒன்றாகவே இருந்தாலும் ஒத்துப்போகாது. இதைவிட மோசமானது, கடைக்காரர் தன் பொருள் பட்டியலில் அரிசிக்கு அலகைத் தப்பாகக் `KGM` என்று வைத்திருப்பது. அப்போது பில் "20 கிலோ, கிலோ 38.50" என்று போகும். பெருக்கல் சரியாக இருப்பதால் எந்தச் சோதனையும் பிடிக்காது. உணவகத்தின் இருப்புக் கணக்கில் 500-க்குப் பதில் 20 கிலோ ஏறி, அடுத்த வாரம் "அரிசி தீர்ந்துவிட்டது" என்று மென்பொருள் கத்தும். அங்கேயிருந்து பின்னால் போய்த்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பிடிஎஃப்பைப் பார்த்துத் தட்டுபவராக இருந்தால், கிலோ அரிசி முப்பத்தெட்டு வெள்ளியா என்று சிரித்துவிட்டுச் சரிசெய்திருப்பார். கைத்தட்டச்சில் சில நன்மைகள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தன என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

மூன்றாவது, இரட்டை பில். ஆரம்பத்தில் நம்பிக்கை வராமல், வலைப்பின்னலில் அனுப்பியதோடு "எதற்கும் இருக்கட்டும்" என்று மின்னஞ்சலில் பிடிஎஃப்பும் அனுப்புவார்கள். உணவகத்தில் ஒருவர் அதைப் பார்த்துக் கையாலும் ஏற்றிவிடுவார். ஒரே பில் எண் இரண்டு முறை வந்தால் மென்பொருள் எச்சரிக்கும்தான். ஆனால் தானாக வந்தது `INV-0457`, கையால் தட்டியது `INV 0457` என்றால் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. இரண்டுக்கும் பணம் போகும். பிடிஎஃப் நகல் வேண்டுமென்றால் அதை மின் இன்வாய்ஸின் உள்ளேயே இணைப்பாக வைத்து அனுப்ப வழி இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு எந்தத் தேதியிலிருந்து எந்த வழி என்று பேசி முடிவு செய்துகொண்டு, பழைய வழியை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது சின்ன விஷயம்தான், ஆனால் சண்டை வருவது இதில்தான். கடைக்காரரின் திரையில் "சேர்ந்தது" என்று வந்தால், மூன்றாவது முனைக்குச் சேர்ந்தது என்றுதான் பொருள். உணவகத்தில் யாராவது பார்த்தார்களா, ஏற்றுக்கொண்டார்களா என்று அது சொல்லாது. `AP` வரும்வரை, அல்லது அந்த வசதி இல்லாத வாடிக்கையாளர் என்றால் பணம் வரும்வரை, "நான்தான் அனுப்பிவிட்டேனே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

முதல் முறை ஒரு கடையிலிருந்து பில் வரும்போது உணவகப் பக்கம் கொஞ்சம் கைவேலை இருக்கும். "பொன்னி அரிசி" எந்தக் கணக்குத் தலைப்பில் போக வேண்டும் என்று அனுப்புபவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது உணவகத்தின் உள்விவகாரம். ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பல மென்பொருள்கள் அடுத்த தடவை அதையே நினைவில் வைத்துப் போட்டுவிடும்.

வரி அலுவலகம் எங்கே வருகிறது?

தமிழ்நாட்டில் கணக்கு எழுதும் நண்பர்கள் இதுவரை படித்துவிட்டு, "எங்களிடம்தான் இ-இன்வாய்ஸ் 2020-லிருந்தே இருக்கிறதே" என்பார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. இந்தியாவில் விற்பவரின் மென்பொருள் பில் விவரத்தை அரசு அங்கீகரித்த பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறது. தளம் அதற்கு ஐஆர்என் என்ற 64 எழுத்து நீளமுள்ள பில் பதிவெண்ணைத் தந்து, கையொப்பமிட்ட கியூஆர் குறியீட்டோடு விற்பவருக்கே திருப்பி அனுப்புகிறது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வரை கட்டாயமாகியிருக்கிறது. வரி அலுவலகத்துக்கு விவரம் போய்விடுகிறது. ஆனால் கோயம்புத்தூரில் மோட்டார் வாங்கியவரின் கணக்கு மென்பொருளில் அந்த பில் தானாக வந்து விழுவது இந்த ஏற்பாட்டின் பகுதியல்ல. விற்பவர் கியூஆர் போட்ட பிடிஎஃப்பை மின்னஞ்சலில் அனுப்ப, வாங்கியவர் அதைப் பார்த்துத் தட்டுவது இன்னும் பல அலுவலகங்களில் நடக்கிறது.

சிங்கப்பூர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. முதலில் விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் பரிமாறும் வழியை அமைத்துவிட்டு, இப்போது அதே வழியில் வரி அலுவலகத்தைச் சேர்க்கிறார்கள். பில் போகும்போதே அணுகுமுனையம் அதன் விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கும் அனுப்பும், ஐந்தாவது முனை மாதிரி. புதிதாகத் தொடங்கித் தாமாக முன்வந்து ஜிஎஸ்டி பதிவு செய்யும் நிறுவனங்களுக்கு இது 2025 நவம்பர் 1 முதல் கட்டாயம். தாமாக முன்வந்து புதிதாகப் பதிவு செய்யும் மற்ற எல்லாருக்கும் 2026 ஏப்ரல் 1 முதல். பெல்ஜியம் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனங்களுக்கிடையிலான உள்நாட்டு பில்களை 2026 ஜனவரியிலிருந்து மின் இன்வாய்ஸாகவே அனுப்ப வேண்டும், வழக்கமான வழி பெப்போல் என்று சட்டம் போட்டிருக்கிறது.

சிங்கப்பூரில் சிறு கடை வைத்திருப்பவர் தொடங்குவதற்குப் பெரிய வேலை இல்லை. முதலில் இப்போது பயன்படுத்தும் மென்பொருள் இன்வாய்ஸ்நவ்வுக்குத் தயாரானதா என்று பார்க்க வேண்டும், தயாரானவற்றின் பட்டியலைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெளியிடுகிறது. மென்பொருள் வழியாகவே அடையாள எண்ணைப் பதிந்துகொள்ளலாம். அப்புறம் நீங்கள் அதிகம் பில் அனுப்பும் ஐந்தாறு வாடிக்கையாளர்களின் யூஇஎன்னை சிங்கப்பூரின் பெப்போல் விவரத் திரட்டில் தேடிப் பார்க்க வேண்டும். பதிந்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வழியில் அனுப்ப முடியும். பதியாதவருக்கு அனுப்பினால் முகவரி தேடும் கட்டத்திலேயே நின்றுவிடும். தேடிப் பார்த்த பிறகு, பதிந்திருப்பவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, சின்னத் தொகையில் ஒரு நிஜ பில்லை அனுப்பி, அவர் திரையில் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். பொருளின் அலகு, ஆர்டர் எண், வரி, இந்த மூன்றையும் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது என் வழக்கம்.

அந்தக் கிழிந்த மூட்டையின் கதையில் ஒன்று பாக்கி. முதலிலேயே 19 மூட்டைக்கு பில் போட்டிருந்தால் சரக்கு 1,126.30, வரி 101.37, மொத்தம் 1,227.67 வந்திருக்கும். இருபதுக்கு பில் போட்டு ஒன்றுக்குக் கிரெடிட் நோட் கொடுத்ததால் 1,227.66. அந்த ஒரு காசை எங்கே வைப்பது என்று மென்பொருள் கேட்கும். அதற்கென்று "ரவுண்டிங்" என்றொரு கணக்குத் தலைப்பைத் திறந்து வைத்திருந்தால் அங்கே போய் விழும். திறக்க மறந்திருந்தால், இருபது மூட்டை அரிசியும் பருப்பும் எண்ணெயும் தானாகக் கணக்கில் ஏறிய பிறகு, அந்தக் காசுக்காக ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும்.